ஒரு மருதாணிப் படமும் மூன்று வழிகளும்: கடலோரத்து மணப்பெண்ணின் கைக்கு எது பொருந்தும்?

கல்யாணத்துக்கு மருதாணி பேச வரும் வீட்டார் இப்போதெல்லாம் முதலில் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். கீழக்கரையிலிருந்து பெரியபட்டினம் வரை, ஏர்வாடிப் பக்கத்திலிருந்தும்கூட, என்னிடம் வரும் மணப்பெண்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "லாத்தா, இதே மாதிரி, இதே கலர்ல வேணும்." அந்தப் படத்தில் இருப்பது வேறொருவருடைய கை, வேறொரு வெளிச்சம், பல நேரங்களில் இன்னும் சுரண்டி எடுக்கப்படாத மருதாணி. ஆகவே எந்த வடிவத்தைத் தேர்வது என்ற கேள்விக்கு முன்னால், படத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அண்மையில் ஒரு மணப்பெண் காட்டிய படத்தை எடுத்துக்கொண்டு, அவருடைய கைக்கு இருந்த மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

படத்தில் ஒரு இடது கை, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, முன்கையின் பாதி வரை தெரிகிறது. உள்ளங்கை நடுவில் ஒரு மயில். அதைச் சுற்றி மாங்காய் வடிவங்கள். மாங்காய்களுக்கு இடையில் மெல்லிய கட்டங்களாலான வலைப்பின்னல். விரல் நுனிகள் நகக்கண் வரை முழுதாக அடைக்கப்பட்டவை. மணிக்கட்டில் நான்கைந்து பட்டைகள், அவற்றுக்கு மேலே முன்கையில் மீண்டும் வலைப்பின்னல். தோல் வெறுமையாகத் தெரியும் இடம் என்று எதுவும் இல்லை. நிறமோ, விரல் நுனியிலிருந்து முன்கை வரை ஏற்ற இறக்கமே இல்லாத கருஞ்சிவப்பு. கையின் தோல் வெளுத்தும் மழமழவென்றும் இருக்கிறது. ரேகைகளில் பெரிய மூன்றும் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன, விரல் நுனிகளின் நுண்வரிகள் அறவே இல்லை.

முதலில் அந்த நிறத்தைப் பார்ப்போம். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள், தோலின் மேற்பரப்பில் இருக்கும் இறந்த செல்களின் அடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு பிணைந்துகொள்வதால்தான் கை சிவக்கிறது. அந்த அடுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிமனாக இருக்கிறது. மணிக்கட்டில் மெலிந்து, புறங்கையிலும் முன்கையிலும் இன்னும் மெலிந்துவிடுகிறது. எனவே ஒரே கோனால், ஒரே இரவில், ஒரே நேர அளவுக்கு வைத்த மருதாணி விரல் நுனியில் அரக்கு நிறமாகவும், மணிக்கட்டில் செங்கல் நிறமாகவும், முன்கையில் ஆரஞ்சு கலந்த பழுப்பாகவும்தான் இருக்கும். இந்தப் படியிறக்கம் இல்லாத படம் எதைக் காட்டினாலும், இயற்கையான மருதாணி பிடித்த கையை மட்டும் காட்டவில்லை.

பின் எதைக் காட்டுகிறது? இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மயிலின் கழுத்துக் கோட்டுக்கு ஒரு பக்கம் மெல்லிய நிழல் விழுந்திருந்தது. கோடு தோலுக்கு மேலே எழும்பி நின்றால்தான் நிழல் விழும். விரல் நுனி அடைப்பில் ஓரிடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பும் இருந்தது. அது காயத் தொடங்கிய விழுதின் வெடிப்பு. ஆக, மணப்பெண் விரும்பிய கருஞ்சிவப்பு, பிடித்த நிறமே அல்ல. கையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த விழுதின் நிறம், அதுவும் ஃபில்டர் போட்டுச் சிவப்பு ஏற்றப்பட்டது. பிடித்த மருதாணிக்கு மேடு கிடையாது. அது தோலோடு சமமாக இருக்கும், ரேகைப் பள்ளங்களில் கோடு சற்று வெளிறி உடையும், விரல் நுனியின் நுண்வரிகள் அந்தச் சிவப்புக்குள்ளேயே தெரியும், கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இராமல் சற்றே கசிந்திருக்கும். இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாத படத்தை நிறத்துக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ள முடியாது.

விழுதை அப்போதுதான் எடுத்த கையின் படம் இன்னொரு வகையில் ஏமாற்றும். அதில் நிறம் பூசணிப் பழத்து ஆரஞ்சாக இருக்கும். வீட்டார் பார்த்துவிட்டு, இந்தக் கோன் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் சாயம் காற்றுப் பட்டுக் கறுத்து முழு நிறத்தை அடைய 24 முதல் 48 மணி நேரம் ஆகும். படம் எப்போது எடுக்கப்பட்டது என்பது தெரியாமல் ஆரஞ்சையும் அரக்கையும் ஒப்பிடுவதில் பயன் இல்லை. வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஒரு எளிய சோதனை போதும்: படத்தில் நகமோ வெள்ளைத் துணியோ இருந்தால் அது மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளை வெள்ளையாக இல்லாத படத்தில் மருதாணி நிறமும் அதன் உண்மை நிறமாக இருக்காது.

அடுத்து நெருக்கம். ஒரு வடிவத்தின் நெருக்கத்தைக் கோடுகளின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடுவதைவிட, இரண்டு கோடுகளுக்கு நடுவில் விட்ட இடைவெளியை வைத்து மதிப்பிடுவதே சரி. இந்தப் படத்தின் வலைப்பின்னலில் கோட்டின் தடிமனும் இடைவெளியும் ஏறக்குறைய சமம். இரண்டும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். விழுது தோலில் இருக்கும்போது இரு பக்கமும் சிறிது கசியும். கோடும் இடைவெளியும் இவ்வளவு மெலிதாக இருந்தால் அந்தச் சிறு கசிவே இடைவெளியை மூடிவிடும். அருகில் பார்த்தால் மங்கிய கட்டமாகவும், எதிரில் நின்று பார்த்தால் வெறும் பழுப்புத் திட்டாகவும் தெரியும். நம் கடலோரத்து ஈரக்காற்றில் இந்தக் கசிவு இன்னும் கூடும். விழுது இழுபட்டு ஒட்டி நிற்பதற்காகச் சேர்க்கும் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விழுதை இளக்கிவிடுவதே இதற்குக் காரணம். வறண்ட ஊர்க்காரர்கள் 100 கிராம் பொடிக்கு 30 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள் என்றால், இங்கே மழைக்கு முந்தைய மாதங்களில் நான் 20 கிராமுக்கு மேல் போவதில்லை. அதே ஈரத்தால் ஒரு நன்மையும் உண்டு: விழுது விரைவில் காய்ந்து உதிராமல் நீண்ட நேரம் சாயம் விட்டுக்கொண்டிருக்கும். நிறம் ஆழமாகப் பிடிக்கும் ஊர், நுண்ணிய கோடு நிற்காத ஊர் என்று எங்கள் கரையைச் சொல்லலாம்.

நெருக்கத்தைச் சோதிக்க நான் வீட்டாரிடம் சொல்லும் வழி, படத்தைக் கைப்பேசியில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது. அப்போதும் என்ன வரைந்திருக்கிறது என்று தெரிந்தால், கல்யாணத்தில் இரண்டு மூன்று அடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். இந்தப் படத்தில் விரல் நுனிகளும் மணிக்கட்டுப் பட்டைகளும் தெரிந்தன, மயில் தெரியவில்லை.

மூன்றாவதாகத் தோல். படத்துக் கையில் நுண்வரிகள் இல்லை என்றேன். அது மென்மையால் வந்ததன்று, படத்தை மழுப்பியதால் வந்தது. மணப்பெண்ணின் கையோ வேலை செய்த கை. பனையோலைப் பெட்டி முடைபவர் என்பதால் வலது கையின் கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகளில் தோல் காய்த்திருந்தது. உள்ளங்கையின் ஓரத்தில் ஓலை கீறிய இரண்டு ஆறிய கோடுகளும், ரேகைகளில் ஆழமான மடிப்பும் இருந்தன. காய்த்த தோல் தடிமனானது என்பதால் மருதாணி அங்கே மிக அழகாகக் கறுக்கும். ஆனால் அந்தத் தோல் உரியும்போது திட்டுத் திட்டாகத்தான் உரியும். கீறல் ஆறிய இடத்தில் புதுத்தோல் மெலிதாக இருப்பதால் நிறம் குறைவாகப் பிடிக்கும். மெல்லிய கட்டங்களாலான வலை இந்த இடங்களில் உடைந்து தெரியும். தடித்த இலையோ முழு அடைப்போ உடைவதில்லை. கையின் புறத்தோல் மாநிறம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உள்ளங்கை வெளிர் நிறமாக இருப்பதால் அங்கே எந்தக் கோடும் எடுப்பாகத் தெரியும். ஆனால் புறங்கையிலும் முன்கையிலும் பிடிப்பதே வெளிறிய பழுப்பு. அது மாநிறத் தோலில் எடுபட வேண்டுமானால் கோடு தடிக்க வேண்டும், வெறும் தோல் தாராளமாக விடப்பட வேண்டும். வெளுத்த கையில் எடுத்த படத்தை வைத்து முன்கைக்கு வலைப்பின்னல் போட்டால் அது சில நாளிலேயே அழுக்குப் போலத் தோன்றும். மணப்பெண்ணின் கையில் அப்படித் தோன்ற விடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

இந்த அளவு தெரிந்த பிறகு மூன்று வழிகளையும் ஒப்பிடலாம். முதல் வழி, படத்தில் உள்ளதை அப்படியே நெருக்கமாகப் போடுவது. இரண்டாவது, அரபு முறையில் தடித்த கொடியும் இலையும் பூவுமாக, தோலுக்கு இடம் விட்டு வரைவது. மூன்றாவது, நம் பாட்டிமார் வைத்ததுபோல இலையை அரைத்து, உள்ளங்கை நடுவில் வட்டமும் விரல்களுக்குத் தொப்பியும் வைப்பது.

இவற்றுக்குள் முடிவைத் தீர்மானித்தது அழகைவிட நேரம்தான். நிக்காஹ் ஞாயிறு காலை 11 மணிக்கு. விழுது தோலை மூடியிருக்கும்போது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூவைச் செய்தால் தண்ணீர் தோலில் படாது. பிடித்த நிறம் மட்டும் இருந்தால் தடை இல்லை என்பதே நம் வீடுகளில் வழக்கமாகக் கொள்வது. ஆகவே இஷா தொழுகை முடித்த பிறகு தொடங்கி, அதிகாலைச் சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். வெள்ளி இரவு 8.30-க்குத் தொடங்கி சனி அதிகாலை 5 மணிக்கு எடுத்தால், நிக்காஹ் நேரத்தில் எடுத்து 30 மணி நேரம் ஆகியிருக்கும்; நிறம் முழுமையை நெருங்கும் சரியான வேளை. இந்த எட்டரை மணி நேரத்துக்குள் வரைவதும் ஊறுவதும் இரண்டுமே அடங்க வேண்டும்.

முதல் வழிக்கு, இரண்டு கைகளின் உள்ளும் புறமும் முன்கையும் சேர்த்து ஒருவர் வரைந்தால் ஐந்து மணி நேரம் பிடிக்கும். அதாவது இரவு 1.30-க்கு முடியும். முதலில் போட்ட இடம் எட்டரை மணி நேரமும், கடைசியாகப் போட்ட இடம் மூன்றரை மணி நேரமும் ஊறும். நன்றாகப் பிடிக்க ஆறு மணி நேரமாவது வேண்டும் என்பதால் ஒரு கைக்கும் மறு கைக்கும் நிறம் வேறுபடும். வழக்கப்படி முன்கையைக் கடைசிக்கு விட்டால், ஏற்கெனவே குறைவாகப் பிடிக்கும் இடத்துக்குக் குறைவான நேரமும் சேர்ந்துகொள்ளும். இருவர் ஆளுக்கொரு கையாக உட்கார்ந்தால் நேரச் சிக்கல் பாதியாகும், செலவு கூடும், இரண்டு கையும் ஒரே கைப்பாங்கில் அமையாது. அப்போதும் ஈரக்காற்றின் கசிவும், ஓலை வேலையால் காய்த்த தோலும் அப்படியே இருக்கும். இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், உள்ளங்கைக்கு மட்டும் போட்டுக்கொள்ளச் சம்மதிப்பவருக்கும், தை, மாசி போன்ற காற்றுக் காய்ந்த மாதங்களில் கல்யாணம் வைத்திருப்பவருக்கும். உள்ளங்கையில் நுண்வேலை வீணாவதில்லை. நல்ல வெளிச்சத்தில் அருகிலிருந்து எடுக்கும் படத்தில் அதற்கு இணையும் இல்லை.

இரண்டாவது வழிக்கு அதே பரப்பில் இரண்டரை மணி நேரம் போதும். 11 மணிக்கு முடிந்தால் கடைசிக் கோட்டுக்கும் ஆறு மணி நேரம் கிடைக்கிறது. கோடு இரண்டு மில்லிமீட்டர் அளவில் தடித்திருப்பதால் கசிந்தாலும் இடைவெளி மூடாது. விழுதும் தடிமனாக நிற்பதால் அதிக நேரம் ஈரமாக இருந்து நன்றாகப் பிடிக்கும். குறை என்று சொன்னால், கல்யாணக் கை என்ற நிறைவு சிலருக்கு இதில் வருவதில்லை, அன்று மணப்பெண்ணின் உம்மாவும் அதைத்தான் சொன்னார்: "விருந்துக்கு வந்தவ கையும் இப்படித்தானே இருக்கும்." அவர் சொல்வது நியாயமான கவலை. அதற்கு முழு வடிவத்தையும் நெருக்க வேண்டியதில்லை. தடித்த தோல் உள்ள இடத்தில் மட்டும் நெருக்கினால் போதும்.

மூன்றாவது வழி நேரத்தில் மிகச் சிக்கனமானது. அரை மணியில் முடிந்துவிடும். அரைத்த இலையைத் தடிமனாக அப்புவதால் முழு இரவும் ஈரம் காத்து, உள்ளங்கையும் விரலும் மாசில்லாமல் சிவக்கும். நகத்திலும் பிடித்து, நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை மாதக்கணக்கில் நிற்கும். என்ன சேர்த்திருக்கிறது என்ற ஐயத்துக்கு இடமே இல்லை, மரத்திலிருந்து பறித்த இலை. ஆனால் அரைத்த இலையில் நாரும் நீரும் இருப்பதால் அது கோடாக நிற்காது. புறங்கை அலங்காரம் வேண்டும் என்பவருக்கு இது தனியாகப் போதாது.

கோனைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது, ஏனெனில் படத்தின் கருஞ்சிவப்பைக் கண்ட அந்த வீட்டாரும் கறுப்புக் கோன் வாங்கித் தரவா என்று கேட்டார்கள். இயற்கை மருதாணி எந்தத் தோலிலும் மையின் கறுப்பை எட்டுவதில்லை. விரல் நுனியில் காப்பிக்கொட்டை நிறம் வரை போகும், அவ்வளவுதான். அரை மணி, ஒரு மணி நேரத்தில் முன்கையிலும் கறுப்பாகப் பிடிக்கும் கோனில் தலைமுடிச் சாயத்துக்குப் பயன்படும் பாரா-ஃபினைலின்டையமின் என்ற வேதிப்பொருள் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. அதனால் வரும் அரிப்பும் கொப்புளமும் சிலருக்கு உடனே வராது. சில நாள் கழித்து, போட்ட வடிவத்தின் கோட்டிலேயே வரும். ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால், பின்னாளில் தலைக்குச் சாயம் அடித்தாலும் அது திரும்பும், வாழ்நாள் முழுக்க நீடிக்கும். குளிர்பெட்டி இல்லாத கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தும் அழகாகச் சிவக்கும் கோனையும் நான் ஏற்பதில்லை. பொடியும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தைலமும் மட்டும் சேர்ந்த விழுது வெளியில் சில நாள்தான் தாங்கும், பிறகு சாயம் செத்துவிடும். அதைத் தாண்டியும் சிவக்கிறது என்றால் அதில் வேறொன்று வேலை செய்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நிறத்துக்காக விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

கடைசியில் அந்த மணப்பெண்ணுக்கு முடிவானது இரண்டாவது வழி, மூன்றாவதிலிருந்து ஒன்றையும் முதலாவதிலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொண்டு. விரல் நுனிகளைத் தொப்பியாக முழுதும் அடைத்தோம். ஓலை வேலையால் காய்த்த இடம் அந்த அடைப்புக்குள் மறைந்து, கையிலேயே மிகக் கறுத்த பகுதியாக அமைந்தது. உள்ளங்கையில் மயிலை வைத்துக்கொண்டோம், ஆனால் கழுத்தும் தோகையும் இரண்டு மடங்கு பெரிதாக, தோகைக்குள் மட்டும் மெல்லிய கோடுகளோடு. கீறல் ஆறிய உள்ளங்கை ஓரத்தை வெறுமையாக விட்டோம். புறங்கையில் சுட்டுவிரலிலிருந்து மணிக்கட்டுக்குச் சாய்வாக இறங்கும் ஒற்றைக் கொடி. முன்கைக்கு வலை இல்லை, மணிக்கட்டுக்கு மேல் ஒரே ஒரு தடித்த பட்டை மட்டும். படத்தில் அவரை முதலில் கவர்ந்தது விரல் நுனியும் மயிலும்தான் என்று கேட்டபோது தெரிந்தது. அந்த இரண்டும் இதில் இருந்தன.

அதிகாலையில் விழுதைத் தண்ணீரில் கழுவாமல் கரண்டியின் முனையால் சுரண்டி எடுத்து, நல்லெண்ணெய் தடவிவிட்டு, உளூச் செய்யும் நேரம் தவிர அன்று முழுக்கப் பாத்திரம் துலக்குவதையும் துணி துவைப்பதையும் கடல் தண்ணீரில் கை வைப்பதையும் தவிர்க்கச் சொன்னேன். ஞாயிறு காலை உள்ளங்கை அரக்கு நிறத்திலும், புறங்கைக் கொடி செங்கல் நிறத்திலும் இருந்தது. இரண்டும் ஒரே நிறமாக இல்லையே என்று யாரும் கேட்கவில்லை, ஏனெனில் கொடியைச் சுற்றி விட்ட வெறும் தோல் அதை எடுப்பாகக் காட்டியது.

இனிப் படம் அனுப்புகிறவர்கள், விரும்பிய வடிவத்தோடு மணப்பெண்ணின் கையையும் எடுத்து அனுப்பினால் பேச்சு பாதியாகக் குறையும். காலை வெயில் நேரடியாகப் படாத வாசல் திண்ணையில், ஒரு வெள்ளைத் தாளின் மேல் கையை வைத்து, ஃபில்டர் இல்லாமல் உள்ளங்கை ஒன்று, புறங்கை ஒன்று எடுத்தால் போதும். கல்யாணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே அதே கோனால் மணிக்கட்டின் உட்புறம் ஒன்று, முன்கையில் ஒன்று என இரண்டு சிறு இலைகளைப் போட்டு, இரண்டு நாள் கழித்து அவற்றையும் படமெடுத்து அனுப்புங்கள். நிறம் எவ்வளவு பிடிக்கும் என்பதை அந்த இலைகளே சொல்லிவிடும், தோல் அதை ஏற்கிறதா என்பது தெரிய இன்னும் சில நாள் ஆகலாம்.